'மதகு' கற்றுக்கொள்ளாத எஸ்ஜிடி: நான்கு ஆப்டிமைசர்களில் நான் ஏன் ஆடம் பக்கம் போனேன்

சென்னைத் தெருக்களிலிருந்து வரும் புகார்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் சின்ன மாடல் ஒன்றைச் செய்தேன். குடிநீர், குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்று மொத்தம் 12 பிரிவுகள். கையில் இருந்தது தமிழில் எழுதப்பட்ட 18,000 புகார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் 64 எண்கள் கொண்ட ஒரு வரிசை, அதாவது எம்பெடிங். புகாரில் உள்ள சொற்களின் வரிசைகளைச் சராசரி எடுத்து, மேலே ஒரே ஒரு அடுக்கு வைத்துப் பிரிவைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மாடல்.

பயிற்சியில் மாடலின் எண்களைப் படிப்படியாகத் திருத்தும் முறைதான் ஆப்டிமைசர். முதலில் அவற்றில் சாதாவான எஸ்ஜிடியில் ஓட்டினேன். துல்லியம் பார்க்க நன்றாகவே இருந்தது. தவறிப்போன புகார்களைப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. 'ஏரி மதகைத் திறந்துவிட்டதால் வீட்டுக்குள் தண்ணீர்' என்ற வகைப் புகார்கள் எல்லாம் குடிநீர்ப் பிரிவுக்குப் போயிருந்தன. மழைக்காலத்தில் இது சிறிய தவறு இல்லை. வடிகால் ஆட்கள் போக வேண்டிய வீட்டுக்குத் தண்ணீர் லாரி போய் நிற்கும்.

'தண்ணீர்' என்ற சொல்லைப் பார்த்ததும் மாடல் குடிநீர் என்று முடிவு கட்டிவிடுகிறது. அதைத் திருத்த வேண்டிய 'மதகு' வாயே திறக்கவில்லை. 'மதகு' வரிசைக்கு அருகில் உள்ள சொற்கள் எவை என்று எடுத்துப் பார்த்தேன். 'மடை', 'ஷட்டர்', 'கால்வாய்' வந்திருக்க வேண்டும். வந்தவை 'பல்பு', 'கையெழுத்து' போன்ற தொடர்பில்லாத சொற்கள். இருபது சுற்று பயிற்சிக்குப் பிறகும் அந்த வரிசை, தொடக்கத்தில் குலுக்கிப் போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம்.

நான்கு முறைகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். அவற்றின் சமன்பாடுகள் இவை; `w` என்பது வெயிட், அதாவது பயிற்சியில் திருத்தப்படும் எண்; `g` என்பது கிரேடியன்ட், அதாவது அந்த எண்ணை மாற்றினால் பிழை எந்தப் பக்கம் எவ்வளவு மாறும் என்பது; `lr` என்பது லேர்னிங் ரேட், அதாவது ஒரு அடியின் அளவு; `t` என்பது எத்தனையாவது அடி என்பது; `eps` என்பது பூஜ்யத்தால் வகுக்காமல் காக்கும் மிகச் சிறிய எண்.

```
SGD:      w = w - lr*g
Momentum: u = 0.9*u + g
          w = w - lr*u
RMSprop:  v = 0.99*v + 0.01*g*g
          w = w - lr*g/(sqrt(v)+eps)
Adam:     m = 0.9*m + 0.1*g
          v = 0.999*v + 0.001*g*g
          M = m/(1-0.9^t),  V = v/(1-0.999^t)
          w = w - lr*M/(sqrt(V)+eps)
```

எஸ்ஜிடியின் வேர் ராபின்ஸ், மன்ரோ இருவரின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை. மொமென்டம் 1964-இல் போல்யாக் கொடுத்தது. ஆர்எம்எஸ்ப்ராப் கட்டுரையாக வரவில்லை. ஜெஃப்ரி ஹின்டன் 2012-இல் தன் இணைய வகுப்பில் சொன்னது அப்படியே பரவிவிட்டது. ஆடம் 2014-இல் கிங்மா, பா இருவரும் வெளியிட்டது.

மொமென்டம் எதற்கு நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சப்பையாகவும் இருக்கும் பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவு ஒரு திசையில் 100, மறு திசையில் 1. சாதா முறையில் லேர்னிங் ரேட் 0.02-ஐத் தாண்டினாலே செங்குத்துத் திசையில் சிதறிவிடும். அதற்குள் நின்று, பள்ளத்தின் ஆழமான புள்ளிக்கு உள்ள தூரத்தை நூறில் ஒரு பங்காக்கச் சுமார் 230 அடி, அதாவது 230 திருத்தங்கள் ஆகும். மொமென்டம் 0.67, லேர்னிங் ரேட் 0.033 என்று வைத்தால் அதே வேலை சுமார் 45 அடியில் முடிகிறது. இரைச்சல் இல்லாத கணக்கு இது. புகார்களைச் சிறு சிறு பேட்சாகப் பிரித்து ஓட்டும்போது இவ்வளவு லாபம் கிடைக்காது, ஆனாலும் லாபம்தான்.

ஆனால் என் பிரச்சினை பள்ளத்தின் வடிவம் இல்லை. ஒரு சொல் எத்தனை முறை கண்ணில் படுகிறது என்பதுதான். பேட்ச் அளவு 32, ஆக ஒரு சுற்றுக்குச் சுமார் 560 பேட்ச். 'தண்ணீர்' கிட்டத்தட்ட எல்லா பேட்சிலும் வருகிறது. 'மதகு' மொத்தமே 9 புகார்களில், அதாவது 62 பேட்சுக்கு ஒரு முறை. மாடலின் பிழை அளவான லாஸை 32 புகார்களுக்கும் சராசரி எடுக்கிறோம், புகாருக்குள் சொற்களுக்கும் சராசரி எடுக்கிறோம். அதனால் தனியாக வரும் 'மதகு'க்குக் கிடைக்கும் கிரேடியன்ட் 0.002 போல இருக்கும். ஒரே பேட்சில் பல புகார்களில் வரும் 'தண்ணீரு'க்கு 0.02 போல.

இனி கூட்டிப் பார்க்கலாம். கிரேடியன்ட் எல்லாம் ஒரே திசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் நகரும். எஸ்ஜிடி, லேர்னிங் ரேட் 0.1. இருபது சுற்றில் 'மதகு' 180 முறை வருகிறது. 0.1 × 0.002 × 180 = 0.036. பைடார்ச்சில் `nn.Embedding` வரிசையின் எண்கள் தொடக்கத்தில் 1 என்ற அளவிலான சிதறலில் குலுக்கப்படுகின்றன. ஒன்று என்ற அளவில் இருக்கும் எண்ணை 0.036 நகர்த்தினால் என்ன மாறும்? 'மதகு' ஊமையாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

"லேர்னிங் ரேட்டை ஏத்திப் பாத்தீங்களா சார்?" என்று தரமணியில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி கேட்டான். பார்த்தேன். 'மதகு' ஒன்று என்ற அளவுக்கு நகர வேண்டுமானால் ரேட்டை சுமார் 30 மடங்கு, அதாவது 3-க்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மேலடுக்கு தாங்கவில்லை. லாஸ் ஏறி இறங்கி, கடைசியில் `nan` ஆனது. மொமென்டம் சேர்த்தாலும் கதை மாறவில்லை. 0.9 என்றால் ஒரு கிரேடியன்டின் மொத்தப் பங்கு பத்து மடங்காகிறது, சரி. ஆனால் 'தண்ணீரு'க்கும் அதே பத்து மடங்கு. ஒரு சுற்றில் 'தண்ணீர்' பெறும் தள்ளுக்கும் 'மதகு' பெறும் தள்ளுக்கும் உள்ள விகிதம் (560 × 0.02) ÷ (9 × 0.002), அதாவது 620 மடங்கு. மொமென்டம் இந்த 620-ஐத் தொடுவதே இல்லை.

ஆடமில் அதே கணக்கு இப்படிப் போகிறது. 'மதகு' வந்த பேட்சில் `m`-க்கு 0.1g சேர்கிறது. அடுத்த அடுத்த பேட்சுகளில் சொல் இல்லாவிட்டாலும் `m` மெதுவாகக் கரைந்தபடி வெயிட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எல்லாம் கூட்டினால் முழு g. கீழே வகுக்கும் `v` 62 பேட்ச் இடைவெளியில் 0.94 மடங்குதான் தங்குகிறது. அந்தக் கணக்கில் அது 0.0166g² அருகே நிலைக்கும், அதன் வர்க்கமூலம் 0.129g. ஆக ஒரு வருகைக்கு மொத்த நகர்வு 1 ÷ 0.129, சுமார் 7.8 மடங்கு லேர்னிங் ரேட். மேலும் கீழும் g வெட்டுப்பட்டுப் போனதைக் கவனியுங்கள். கிரேடியன்ட் 0.002 ஆனாலும் 0.00002 ஆனாலும் நகர்வு அதேதான். ரேட் 0.001 வைத்தால் 180 வருகைக்கு 1.4. இப்போது அந்த வரிசை உண்மையிலேயே இடம் மாறுகிறது. 'தண்ணீர்' ஒரு பேட்சுக்கு அதிகபட்சம் ஒரு லேர்னிங் ரேட் அளவு நகர்கிறது. விகிதம் 560-க்கு 70, அதாவது 8 மடங்கு. 620 எங்கே, 8 எங்கே!

ஓட்டி முடித்து 'மதகு' பக்கத்தில் யார் என்று மறுபடி கேட்டேன். 'ஷட்டர்', 'ஏரி', 'உபரிநீர்' வந்தன. ஏரிப் புகார்களும் பெரும்பாலும் வடிகால் பக்கம் வந்துவிட்டன.

அப்படியானால் ஆர்எம்எஸ்ப்ராப் போதாதா என்று கேட்கலாம். அரிய சொல் விஷயத்தில் அது ஆடமுக்கு அருகில்தான் வருகிறது. ஒரு வருகைக்கு 6.8 மடங்கு. இடறுவது முதல் அடியில். `v` பூஜ்யத்தில் தொடங்குகிறது, முதல் பேட்சில் 0.01g² ஆகிறது, வர்க்கமூலம் 0.1g. எனவே முதல் அடி லேர்னிங் ரேட்டைப் போல் பத்து மடங்கு. பைடார்ச்சில் அதன் இயல்பு ரேட் 0.01, ஆக கிரேடியன்ட் உள்ள ஒவ்வொரு வெயிட்டும் ஒரே அடியில் 0.1 தள்ளப்படுகிறது. கண்டுபிடிப்பது எளிது. 12 பிரிவுக்கு எதுவும் தெரியாத மாடலின் லாஸ் `ln 12`, அதாவது 2.48. முதல் சில பேட்சுகளில் அது குறையாமல் துள்ளி மேலே போனால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆடமில் `t` கொண்டு வகுக்கும் திருத்தம் இதற்காகவே இருக்கிறது. முதல் அடி சரியாக ஒரு லேர்னிங் ரேட்.

ஆடமுக்கும் பராமரிப்பு உண்டு. ஒரே ஒரு புகாரில் வரும் சொல்லையும் அது விடாமல் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் சுற்றுக்குச் சுமார் 21 மடங்கு ரேட், இருபது சுற்றில் 0.4. 'தன்ணீர்' என்று யாரோ தவறாகத் தட்டியதற்கும் இதே மரியாதை கிடைக்கும். பயிற்சி லாஸ் இறங்கிக்கொண்டே போக, சரிபார்ப்பு லாஸ் ஏழெட்டு சுற்றில் திரும்பி ஏறியது அதனால்தான். மூன்று முறைக்குக் குறைவாக வரும் சொற்களை ஒரே பொதுச் சொல்லாக்கியதும் அது அடங்கியது. வெயிட்டுகளைச் சிறுகச் சிறுகச் சுருக்கும் வெயிட் டீகே வேண்டுமென்றால் `Adam` வேண்டாம், `AdamW` எடுங்கள். சாதாரண ஆடமில் அந்தச் சுருக்கமும் கிரேடியன்டோடு சேர்ந்து `sqrt(v)`-ஆல் வகுக்கப்படுகிறது. அதனால் சுருக்கம் சொல்லுக்குச் சொல் மாறிவிடும்.

இன்னொன்று. ஒரு மழை இரவில் கரண்ட் போய்ப் பயிற்சி பாதியில் நின்றது. மாடலை மட்டும் சேமித்திருந்தேன், மறுநாள் அதிலிருந்து தொடர்ந்ததும் லாஸ் எகிறியது. `m`, `v`, `t` மூன்றும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியதால், திருந்தி முடிந்திருந்த வெயிட்டுகளும் முதல் பேட்சில் முழு ரேட் அளவுக்குத் தள்ளப்பட்டன. இப்போது இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன்:

```python
torch.save({"model": model.state_dict(),
            "opt": opt.state_dict()}, "ckpt.pt")
```

நினைவகமும் கூடும். மொமென்டத்துக்கும் ஆர்எம்எஸ்ப்ராப்புக்கும் வெயிட்டுகளுக்குச் சமமான ஒரு நகல், ஆடமுக்கு இரண்டு. என் மாடலில் இது பொருட்டே இல்லை. 10 கோடி வெயிட் இருந்தால் நான்கு பைட் கணக்கில் கூடுதலாக 800 எம்பி போகும், அப்போது யோசிக்க வேண்டும்.

படங்களில் இந்தச் சிபாரிசை அப்படியே சொல்ல மாட்டேன். ஆடம் போன்ற முறைகள் பயிற்சியில் முந்தினாலும் பார்க்காத தரவில் எஸ்ஜிடியிடம் தோற்கக்கூடும் என்று 2017-இல் வில்சனும் உடன் எழுதியவர்களும் காட்டினார்கள். நான் படத்தில் செய்தது ஒரே ஒரு சிறு வேலை, பெயர்ப்பலகை எழுத்துகளைப் பிரிப்பது. அங்கே மொமென்டம் வைத்த எஸ்ஜிடி, ரேட்டைப் படிப்படியாகக் குறைத்தபோது ஆடமைவிடச் சற்று மேலே முடிந்தது. அதற்குச் சரியான ரேட் கிடைக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின, ஆடம் 0.001-இல் முதல் தடவையே ஓடியது. படத்தில் ஒவ்வொரு வெயிட்டுக்கும் எல்லா பேட்சிலும் வேலை இருக்கிறது, 62 பேட்சுக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் 'மதகு' அங்கே கிடையாது. புகார் மாடல் இன்றும் ஆடமில்தான் ஓடுகிறது. புதிய புகார்கள் சேரும் ஒவ்வொரு மாதமும் துல்லியத்தைப் பார்ப்பதற்கு முன்னால், பத்துக்கும் குறைவாக வந்த சொற்களில் ஐந்தாறை எடுத்து அவற்றின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன்.