6,800 ரூபாய்க்கு "37 டெசிபல்" காது கவசம் வாங்கி ஏமாந்தேன்: துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் செல்வோர் கவனத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து என் இடது காதில் ரீங்காரம் ஓயவில்லை. மூடிய பயிற்சித் தளத்தில் .22 கைத்துப்பாக்கியில் நாற்பது தோட்டாக்கள் சுட்டேன். இடப்பக்கத் தடத்தில் ஒருவர் .32 சுட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது மனைவி பேசியது பஞ்சுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. அந்த நாற்பது தோட்டாக்களுக்கும் என் காதில் இருந்தது, இரண்டு வாரங்களுக்கு முன் ஓர் இணையச் சந்தையில் 6,800 ரூபாய் கொடுத்து வாங்கிய காது கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் சேர்ந்த தொகுப்புதான்.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்து, காதுக்குள் நுழைக்கும் நுரைச் செருகி நல்லதா, கவசம் நல்லதா என்று கேட்டேன். "சார், நல்ல நுரைச் செருகிக்கே என்.ஆர்.ஆர். 33-தான். இந்தக் கவசத்துக்கு 37. இதைப் போட்டால் செருகியே தேவையில்லை" என்றார். என்.ஆர்.ஆர். என்பது சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்று காட்டும் எண். செருகியின் 33 என்ற எண் எனக்கும் தெரிந்த உண்மை. அதைச் சரியாகச் சொன்னவர் மற்றதையும் சரியாகத்தான் சொல்வார் என்று நம்பிப் பணத்தைச் செலுத்தினேன்.

பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் கவசத்தை வாங்கிப் பார்த்தார். தலைப்பட்டையில் "37" என்று ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்தார். அடியில் பிளாஸ்டிக்கிலேயே எழும்பிய எழுத்தில் எஸ்.என்.ஆர். 27 என்று இருந்தது. எஸ்.என்.ஆர். ஐரோப்பிய அளவு, என்.ஆர்.ஆர். அமெரிக்க அளவு. ஆய்வகத்தில் பலர் காதில் அளந்த சராசரியிலிருந்து ஆளுக்கு ஆள் வரும் வேறுபாட்டை ஐரோப்பிய முறை ஒரு மடங்கு கழிக்கிறது, அமெரிக்க முறை இரு மடங்கு கழிக்கிறது. ஆகவே ஒரே கவசத்துக்கு எஸ்.என்.ஆர். சில டெசிபல் கூடுதலாகவே வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. என் கவசத்தின் என்.ஆர்.ஆர். ஏறத்தாழ 23 இருக்கலாம் என்றார் அவர்.

அந்த 23-உம் முழுதாகக் கிடைக்காது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் கணக்கில் முதலில் 7 கழித்து, மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும்: 23-இல் 7 போனால் 16, அதில் பாதி 8. என்.ஆர்.ஆர். 33 உள்ள நுரைச் செருகிக்கு இதே கணக்கில் 13. இரண்டையும் சேர்த்து அணிந்தால் 56 வராது. பெரிய எண்ணின் பயனோடு 5 மட்டும் கூட்டி 18 என்று கொள்ள வேண்டும். இது தொடர்ந்து ஒலிக்கும் தொழிற்சாலை இரைச்சலுக்கான கணக்கு. வெடிச்சத்தத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் உச்ச ஒலியின் எல்லை 140 டெசிபல், பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் 150-ஐத் தாண்டும் என்னும்போது, மூடிய தளத்தில் கவசம் மட்டும் போதும் என்று விற்றவர் சொன்னது பச்சைப் பொய்.

அதற்குமேல் அந்தக் கண்ணாடி! "குண்டு துளைக்காதது" என்று விற்றார்கள். தடித்த, தட்டையான காதுக்கம்பி. கவசத்தை மாட்டிய பின் கம்பி போகும் இடத்தில் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. அந்த இடைவெளி வழியாகவே சத்தம் புகும். உயர்வேக மோதலைத் தாங்கும் கண்ணாடியில் இருக்க வேண்டிய இசட் 87+ குறியோ, ஐரோப்பிய முறையின் எஃப் குறியோ வில்லையிலும் இல்லை, கம்பியிலும் இல்லை.

திங்களன்று விற்பனையாளரை அழைத்தேன். "ஸ்டிக்கர் அச்சுப்பிழை சார், பொருள் நல்ல பொருள்" என்றார். மறுநாள், "பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்றார். அதன்பின் எடுக்கவே இல்லை. சந்தையின் உதவி மையமோ ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்று என் புகாரை இரண்டு முறை தானாகவே மூடிவிட்டது. 6,800 ரூபாய்! அதில் பாதிக்கும் குறைவாகவே முறையான கவசமும் ஒரு பெட்டி நுரைச் செருகியும் வாங்கியிருப்பேன்.

வாங்குவோருக்கு விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவே முடிகிறது. காது கவசத்துக்கு என்.ஆர்.ஆர். 37 என்று யாராவது சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். நல்ல கவசங்களே 31-ஐ ஒட்டி நின்றுவிடும். ஒட்டிய தாளை நம்பாமல், பொருளில் பொறித்ததைப் படம் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியின் கம்பி மெல்லியதாக இருக்கட்டும். நுரைச் செருகியை மெல்ல உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்து நுழைத்து, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். முன்னாலிருந்து பார்ப்பவருக்குச் செருகி துருத்தித் தெரிந்தால் அது உள்ளே போகவில்லை.

நேற்று 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நாளைக் காலை காது மருத்துவரிடம் கேட்டல் பரிசோதனை.