தண்ணீர் லாரி நடைகளைப் பிரிப்பது: வீட்டுக் கணக்கா, தூரக் கணக்கா?

லாரித் தண்ணீரைத் தெருக்களுக்குப் பங்கிடும்போது இரண்டு வாதங்கள் மோதும். “வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் சமமாகக் கொடு” என்பது ஒன்று. “தொலைவில் உள்ள தெருவுக்கு ஒரு நடை போய்வரும் நேரத்தில் பக்கத்துத் தெருவுக்கு இரண்டு நடை அடிக்கலாமே” என்பது மற்றொன்று. இரண்டாவது வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று கணக்குப் போட்டால்தான் அதன் பலம் தெரியும்.

இரண்டு லாரிகள் தலா நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் 10,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நிரப்ப 15 நிமிடம், தெருவில் உள்ள தொட்டிகளில் இறக்க 35 நிமிடம். எந்தத் தெருவானாலும் இந்த 50 நிமிடம் மாறாது. போய்வரும் நேரம் மட்டும் மாறும்.

| தெரு | வீடுகள் | போய்வர (நிமிடம்) | ஒரு நடைக்கு மொத்தம் |
|---|---|---|---|
| முதல் தெரு | 480 | 10 | 60 |
| இரண்டாம் தெரு | 280 | 20 | 70 |
| மூன்றாம் தெரு | 160 | 40 | 90 |
| கடைசித் தெரு | 80 | 70 | 120 |

மொத்தம் 1,000 வீடுகள். வாரம் ஏழு நாளும் ஓடினால் இரண்டு லாரிக்கும் சேர்த்து 8,400 நிமிடம் கையில் இருக்கும்.

தெருவுக்குத் தெரு சமமான நடை என்ற யோசனையை ஒரே வரியில் தள்ளிவிடலாம். நாளுக்கு மும்மூன்று நடை விட்டால் கடைசித் தெருவில் வீட்டுக்கு 375 லிட்டர், முதல் தெருவில் 62 லிட்டர். இதைச் சமம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக் கணக்குப்படி எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதானால், ஒரு நடைக்குச் சராசரியாக 72.4 நிமிடம் ஆகிறது. வாரத்தில் 116 நடை அடிக்கலாம். வீட்டுக்கு வாரம் 1,160 லிட்டர்.

தூரக் கணக்கு வேறு மாதிரி. இதில் ஒவ்வொரு வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கப்படுவது லாரியின் நேரம். வீட்டுக்கு 8.4 நிமிடம் வருகிறது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் வந்து சேருமோ அதுதான் பங்கு. முதல் தெருவில் வீட்டுக்கு 1,400 லிட்டர் கிடைக்கும், கடைசித் தெருவில் 700. அதாவது சரிபாதி. இந்த வெட்டால் ஊருக்குக் கிடைத்த லாபம் என்ன? மொத்த நடை 116-லிருந்து 121 ஆகிறது. வாரத்துக்கு ஐந்தே நடை! அதற்காக 80 வீடுகள் தங்கள் பங்கில் நூற்றுக்கு நாற்பதை இழக்கின்றன.

காரணம் அந்த 50 நிமிடம்தான். கடைசித் தெருவுக்குப் போய்வர முதல் தெருவைப் போல ஏழு மடங்கு நேரம் ஆகிறது. ஆனால் நிரப்புவதையும் இறக்குவதையும் சேர்த்துப் பார்த்தால் முழு நடை இரண்டு மடங்குதான். இதைக் கவனிக்காமல் வீட்டு எண்ணிக்கையை நேரடியாகப் போய்வரும் நேரத்தால் வகுத்துப் பங்கு போடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கடைசித் தெருவுக்கு வாரம் சுமார் இரண்டு நடைதான் தேறும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 9 லிட்டர். பேரிடர் நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் அளவுகோலே தலைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. தாளில் பார்த்தால் ஒழுங்கான வாய்ப்பாடு, தெருவில் பார்த்தால் தண்டனை.

ஆகவே என் ஓட்டு வீட்டுக் கணக்குக்கே. ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதைப் பலரும் பார்ப்பதில்லை.

லாரி வழியில் பழுதாகலாம், நிரப்புமிடத்தில் காக்க வேண்டி வரலாம். அதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிவிட்டு நாளுக்கு 16 நடை என்று திட்டமிடுவோம். வீட்டு விகிதப்படி முதல் தெருவுக்கு 7.68, இரண்டாவதுக்கு 4.48, மூன்றாவதுக்கு 2.56, கடைசிக்கு 1.28. அரை நடை என்று எதுவும் கிடையாது. முழு எண்களை முதலில் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள இரண்டு நடையைப் பெரிய பின்னம் உள்ள தெருக்களுக்குக் கொடுப்பது வழக்கமான முறை. 8, 4, 3, 1 என்று வருகிறது. ஒரு நாளைக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதே பட்டியலை ஏழு நாளும் ஓட்டிப் பாருங்கள். கடைசித் தெருவின் 0.28 தினமும் காணாமல் போகிறது. வார முடிவில் அவர்களுக்கு 9 நடைக்குப் பதில் 7 நடை. வீட்டுக்கு 875 லிட்டர். தினமும் மேல்நோக்கி முழுமையாகும் மூன்றாம் தெருவிலோ வீட்டுக்கு 1,312 லிட்டர். யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை, தூரத்தை யாரும் பேசவுமில்லை. இருந்தும், வேண்டுமென்றே தூரக் கணக்குப் போட்டால் விழும் 700 லிட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம். சின்னத் தெருவைத் தூரத்தைவிட இந்தப் பின்னம்தான் அடிக்கடி அடிக்கிறது.

இதற்கு ஒரு நோட்டு போதும். தெருவுக்கு ஒரு பக்கம். தினமும் அதன் பங்கை வரவு வை, போன நடையைக் கழி, மிச்சத்தை மறுநாளுக்குக் கொண்டுபோ. கடைசித் தெருவின் மிச்சம் நான்காம் நாள் ஒரு நடையைத் தாண்டிவிடும். அன்று அவர்களுக்கு இரண்டு நடை. ஏழாம் நாள் மிச்சம் மறுபடி 0.96 ஆகி ஏறக்குறைய ஒரு நடையைத் தொடும், அன்றும் இரண்டு. வாரக் கணக்கு 54, 31, 18, 9 என்று வந்து நிற்கும். மூன்று தெருக்களில் வீட்டுக்கு 1,125 லிட்டர், இரண்டாம் தெருவில் மட்டும் 1,107.

தூரம் இங்கே அட்டவணைக்குள் வருகிறது. கடைசித் தெருவுக்கு இரண்டு நடை உள்ள நாளில் 7, 4, 3, 2 என்று போட்டால் 1,210 நிமிடம் ஆகிவிடும், இருப்பதோ 1,200. மூன்றாம் தெருவில் ஒன்றைக் குறைத்து முதல் தெருவுக்குக் கூட்டி 8, 4, 2, 2 என்று வைத்தால் 1,180-இல் முடியும். அந்தக் குறைந்த நடை நோட்டில் மூன்றாம் தெருவின் பக்கத்தில் வரவாக நிற்கும், பிறகு தீர்ந்துவிடும். அன்று 20,000 லிட்டரை வாங்கிவைக்கக் கடைசித் தெருவில் தொட்டி இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். குடத்தை மட்டும் நம்பியிருக்கும் தெருவுக்கு இரட்டை நடை விட்டால் பாதி லாரி திரும்பி வரும்.

தூரக் கணக்குக்கு இடமே இல்லையா? லாரி நேரம்தான் தட்டுப்பாடு என்றால் அதைப் பேசவாவது முடியும். தட்டுப்பாடு ஊற்றிலேயே இருந்தால் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. நிரப்புமிடத்தில் போய்ப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். நிரப்ப முடியாமல் லாரிகள் வரிசையில் நின்றால் தட்டுப்பாடு தண்ணீரில்தான். அப்போது தொலைவுத் தெருவின் நடையை வெட்டினாலும் ஒரு சொட்டுகூட அதிகமாகாது. குழாய் சும்மா கிடந்து லாரிக்காகக் காத்திருந்தால் நேரம்தான் தட்டுப்பாடு. அந்த நிலையிலும் பங்கை வெட்டும் முன் இறக்கும் 35 நிமிடத்தைக் குறைக்கப் பார்க்கலாம். ஒவ்வொரு நடையிலும் ஐந்து நிமிடம் குறைந்தால் சராசரி 67.4 ஆகி, வாரத்தில் 124 நடை அடிக்கலாம். யார் பங்கையும் தொடாமல் தூரக் கணக்கின் 121-ஐத் தாண்டிவிடுகிறது.

எந்த முறையை எடுத்தாலும் நடைப் பதிவேட்டில் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி இருந்தால் நீண்ட நடை நாளின் கடைசிக்குத் தள்ளப்படும். மாலையில் நேரம் போதாமல் அதுவே விடுபடும். கடைசித் தெருவின் நடைகள் பதிவேட்டில் எப்போதும் அடிவரிசையில் இருந்தாலோ, அந்தக் கட்டங்கள் அடிக்கடி காலியாக இருந்தாலோ, பங்கீடு எவ்வளவு சரியாக இருந்தும் அங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை. அவர்களுக்கான நடையைக் காலை முதல் நடையாக மாற்றி, கூலியையும் ஓடிய நேரத்துக்கு என்று கணக்கிட வேண்டும்.