நான்கு வருடமாக ஒரு பேக்டெஸ்ட் மென்பொருள்: YESBANK எங்கே போனது?

ஒரு பங்கு உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்க உதவும் பேக்டெஸ்ட் மென்பொருள் ஒன்றின் சந்தா விலையைக் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறேன். வேகத்தில் குறையே கிடையாது. பத்து வருட தினசரி விலையை வைத்து ஒரு உத்தியை ஓட்டினால், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும். ஒவ்வொரு ட்ரேடையும் தேதி, விலையோடு காட்டும் பட்டியலும் அருமை.

அந்தப் பட்டியல்தான் எனக்கு உண்மையைக் காட்டியது. என் உத்தி எளிமையானது. நிஃப்டி 50 பங்கு ஒன்று 52 வார உச்சத்திலிருந்து 20% இறங்கினால் வாங்க வேண்டும், பழைய உச்சத்தைத் தொட்டதும் விற்க வேண்டும். நஷ்டம் ஓர் அளவைத் தாண்டினால் விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் கிடையாது. 2015 முதல் ஓட்டியதில் பத்தில் ஒன்பது ட்ரேட் லாபம். அப்புறம் ஒரு நாள் பட்டியலில் YESBANK என்று தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

யெஸ் பேங்க் 2015 மார்ச்சில் நிஃப்டிக்குள் வந்து 2020 மார்ச்சில் வெளியேறிய பங்கு. 2018 ஆகஸ்டில் 400 ரூபாய் அளவில் இருந்தது. என் விதிப்படி 320 அருகே வாங்கியிருப்பேன். 2020 மார்ச் 6 அன்று பகலில் 10 ரூபாய்க்கும் கீழே போனது. பழைய உச்சம் திரும்ப வரவே இல்லை. இந்த மென்பொருளோ இன்றைய ஐம்பது பங்குகளை எடுத்து, அவைதான் 2015இலும் இருந்தன என்று வைத்துக்கொள்கிறது. விழுந்து எழுந்தவை மட்டும் மிஞ்சிய பட்டியலில், விழும்போது வாங்கும் எந்த உத்தியும் ஜெயிக்கத்தான் செய்யும். நான்கு வருடமாக எழுதிக் கேட்டும் இதைச் சரிசெய்யவில்லை. எனக்குக் கோபம் இதில்தான்.

கடைசியில் நானே உட்கார்ந்து செய்தேன். நிஃப்டி பட்டியல் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். அந்த அறிவிப்புகளைத் தேடி, பங்கு, உள்ளே வந்த தேதி, வெளியேறிய தேதி என்று மூன்று நெடுவரிசையில் கோப்பு தயாரித்தேன். வெளியேறிய பங்குகளின் விலையை என்எஸ்இ தினமும் வெளியிடும் விலைக் கோப்பான பாவ்காப்பியின் பழைய பிரதிகளிலிருந்து சேர்த்தேன். அதே உத்தியை மறுபடி ஓட்டியதும், அத்தனை சிறு லாபங்களில் பெரும்பகுதியை நாலைந்து பங்குகளே விழுங்கிவிட்டன.

இன்னொன்று, செலவு. தொடக்க அமைப்பில் அது பூஜ்ஜியம். டெலிவரியில் வாங்க 0.1%, விற்க 0.1% எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி உண்டு. முத்திரைக் கட்டணம், நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் இடையிலான நழுவல் எல்லாம் சேர்த்து நான் 0.4% போடுகிறேன். மாதங்கள் வைத்திருக்கும் உத்திக்கு அது பெரிதில்லை. ஆனால் சில நாளில் விற்று, ட்ரேடுக்குச் சராசரியாக அரை சதவீதம் தரும் உத்தியில் மிஞ்சுவது 0.1%தான்.

20%ஐ 17%ஆக மாற்றினால் லாபம் கூடுகிறது என்று, எண்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கும் ஆப்டிமைசர் காட்டும். பக்கத்திலுள்ள 16, 18 இரண்டும் மோசமாக இருந்தால் அது தற்செயல்தான் என்று அந்த 17ஐ நான் தொடுவதில்லை.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றேன். நான் மட்டும் புதுப்பித்துவிட்டேன், என் கோப்பு இதில்தானே ஓடுகிறது.