முதுமையை ஊகிக்க: களிமண்ணா, கணினியா, ஆப்பா?

1971 நவம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜான் லிஸ்ட் என்ற கணக்காளர் தன் தாய், மனைவி, மூன்று பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தலைமறைவானார். 18 வருடம் கழித்து, பழைய புகைப்படங்களை வைத்து அவருடைய இப்போதைய தலையைக் களிமண்ணில் செய்தார் சிற்பி ஃபிராங்க் பெண்டர். உளவியலாளர் ரிச்சர்ட் வால்டரும் உதவினார்.

தோல் எங்கே தொங்கும் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. இந்த ஆள் எப்படி வாழ்ந்திருப்பார் என்றும் யோசித்தார்கள். கட்டுப்பெட்டி, முகத்தை மாற்ற அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் இல்லை. ஆகவே தாடை தளர்ந்திருக்கும், காதுக்குப் பின்னால் இருந்த பழைய தழும்பும் அப்படியே இருக்கும். கண்ணாடி மட்டும் தடித்த ஃப்ரேமாக இருக்கும் என்று ஊகித்தார்கள். 1989 மே 21 அன்று சிலை டிவியில் வந்தது. முன்பு பக்கத்து வீட்டில் இருந்த ஒருவர் அடையாளம் சொல்ல, ஜூன் 1 அன்று லிஸ்ட் வர்ஜீனியாவில் பிடிபட்டார். ஒற்றுமை அசர வைத்தது. ஆனால் அதில் பாதி வேலை அந்தக் கண்ணாடியுடையது என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிர், 2010 ஜனவரியில் எஃப்பிஐ தயாரித்த பின்லேடன் படம். பழைய புகைப்படத்தைக் கணினியில் முதுமையாக்கியபோது, மென்பொருளில் இருந்த தலைமுடி வகைகள் அதைச் செய்தவருக்குத் திருப்தி தரவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு படத்திலிருந்து முடியையும் நெற்றியையும் எடுத்து ஒட்டிவிட்டார். அது ஸ்பெயின் அரசியல்வாதி காஸ்பர் யமாசாரெஸின் படம்! அவர் புகார் சொன்னதும் படம் நீக்கப்பட்டது. கருவியில் பெரிய கோளாறு இல்லை. முகத்தில் எது ஆதாரம், எது நிரப்பல் என்று பார்ப்பவருக்குத் தெரியாததுதான் சிக்கல்.

சரி, செல்போன் ஆப்? அப்பாவின் 25 வயதுப் படத்தை ஒரு ஆப்பில் போட்டு 65 ஆக்கிப் பார்த்தேன். அடர்த்தியான வெள்ளை முடி, நெற்றியில் அழகான கோடுகள். நிஜத்தில் அவருக்கு வழுக்கை. பற்கள் பல போனதால், அவற்றைத் தாங்கிய தாடை எலும்பும் தேய்ந்து, கன்னம் ஒட்டி, முகவாய் மூக்கை நோக்கி ஏறியிருக்கிறது. ஆப் பல முகங்களில் கற்ற பொதுவான முதுமையைத் தோலின் மேல் பூசுகிறது. பல் போகும் என்றோ தாத்தாவுக்கு வழுக்கை என்றோ அதற்கு எப்படித் தெரியும்? அந்த வயதில் எடுத்த தாத்தாவின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையும் ஓவியருக்குத் தெரியும்.

ஆகவே தேடுவதற்கு என்றால் நான் ஓவியரிடம்தான் போவேன், அதுவும் தாடியோடு ஒன்று, வழுக்கையோடு ஒன்று என்று இரண்டு மூன்று படங்களாகக் கேட்பேன். ஒரே படம் கொடுத்தால் மக்கள் அந்த முகத்தையே தேடுவார்கள், கொஞ்சம் மாறி எதிரே வந்தால் விட்டுவிடுவார்கள்.

அப்புறம், அப்பாவின் ஆப் படத்தில் நிஜத்தோடு நன்றாகப் பொருந்தியது காது மட்டும்தான். அதை ஆப் தொடவே இல்லை. மடிப்பு அப்படியே இருந்தது. இப்போது காது கொஞ்சம் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.