நைட் இறங்கிய பிறகு: ஒரே தூக்கமா, இரண்டு துண்டா?

காலை 6:10. இன்சுலின் சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மாலதி என்னிடம் நீட்டினாள். இன்சுலின் போடும் முன் இன்னொரு சிஸ்டர் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் வார்டில் வழக்கம்.

"எத்தனை?"

"பத்து யூனிட்டுக்கா."

"சார்ட்டைப் பாரு."

பார்த்தாள். முந்தைய நாள் மாலையே டாக்டர் பத்தை ஆறாக மாற்றியிருந்தார். ஹேண்ட் ஓவரில் அதை வாசித்து, பக்கத்தில் டிக் போட்டதும் அவளேதான். எதுவும் பேசாமல் சிரிஞ்சைக் கழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஏற்றினாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரவுண்டு முடிந்து கை கழுவும்போதுதான் அவள் கை நடுங்குவதைப் பார்த்தேன்.

அன்று அவளுக்கு இரண்டாவது நைட். "பகலில் தூங்கினியா?" என்று கேட்டேன். "தூங்கினேனே" என்றாள். அது பொய்யில்லை. ஆனால் நான் கேட்ட கேள்வி தவறு என்பது சில வாரம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது.

மாலதியின் மகள் நிலா இரண்டாம் வகுப்பு. பள்ளி 8:40க்குத் தொடங்கி 3:30க்கு விடும். எங்கள் டியூட்டி காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 9, இரவு 9 முதல் காலை 7. நைட் இறங்கும் நாளில் மாலதியின் ஏற்பாடு ஒன்றுதான். வீட்டுக்குப் போய் நிலாவைக் கிளப்பி, பள்ளியில் விட்டு, திரும்பி வந்து 9:15க்குப் படுப்பது. மூன்று மணிக்கு அலாரம். கணக்குப்படி ஐந்தே முக்கால் மணி நேரத் தூக்கம். பள்ளிக் குழந்தை உள்ள நைட் சிஸ்டர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். இதை 'ஒரே தூக்கம்' என்று வைத்துக்கொள்வோம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் நிலாவின் பழைய நோட்டு ஒன்றில் மூன்று பத்தி போட்டாள்: படுத்தது, தூங்கியது, விழித்தது. முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டது. படுத்தது 9:15. தூங்கியது 9:40. விழித்தது 1:10. அதற்குப் பிறகு மூன்று வரை புரண்டுகொண்டிருந்ததைத்தான் அவளும் தூக்கக் கணக்கில் சேர்த்து வந்திருக்கிறாள். இதில் அவள் தப்பு எதுவும் இல்லை. உடம்பின் வெப்பம் விடியற்காலை நான்கு, ஐந்து மணி வாக்கில் மிகக் குறைந்து, பிறகு பகல் முழுக்க ஏறிக்கொண்டே போகும். வெப்பம் ஏறும்போது தூக்கம் நீளாது. மூன்றரை, நான்கு மணி நேரத்தில் அலுப்பின் முதல் வேகம் தணிந்ததும் உடம்பு 'பகல்தானே, எழுந்திரு' என்கிறது. திரைச்சீலை எவ்வளவு கனமாக இருந்தாலும் இது நடக்கும். போதாததற்குப் பள்ளிக்குப் போய்வரும் வெயில் வேறு, படுக்கப் போகும் நேரத்தில் கண்ணில் அடித்து எழுப்பி விடுகிறது.

ஆனால் நோட்டில் என்னை உறுத்தியது மூன்றரை மணி நேரம் என்ற எண் இல்லை, அந்த 1:10. அதிலிருந்து எண்ணிப் பாருங்கள். மறுநாள் காலை 6:10க்கு அவள் விழித்துச் சரியாக 17 மணி நேரம் ஆகியிருக்கும். 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் இதை அளந்து வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவுடன் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் வண்டி ஓட்டக்கூடாது என்று சட்டம் சொல்லும் அளவு அது. அந்த மணியில்தான் நாங்கள் இன்சுலின் ஏற்றுகிறோம்.

எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்பதைவிட, கடைசியாக எப்போது விழித்தாய் என்று கேட்க வேண்டும். இரண்டு ஏற்பாடுகளையும் நான் எடை போட்டது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

மாலதி அடுத்து முயன்றது இரண்டு துண்டுத் தூக்கம். நிலாவைப் பள்ளியில் விடும் வேலை அப்பாவுக்குப் போனது. அவர் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருந்தது, அதற்காக இரண்டு நாள் முகம் தூக்கி வைத்திருந்தார், பிறகு பழகிக்கொண்டார். மாலதி வீட்டுக்கு வந்ததும் 8:15க்குப் படுத்தாள். விழிப்பு 12:15 வாக்கில் தானாக வந்தது. நான்கு மணி நேரம் முழுசாக. அதன் பிறகு புரளாமல் எழுந்து சாப்பிட்டு, வீட்டு வேலை பார்த்து, இரண்டாவது துண்டை டியூட்டிக்கு முன் 6:45 முதல் 8 வரை வைத்தாள். கேட்க அருமையாக இருந்தது, நடக்கவில்லை. நோட்டில் மூன்று நாளும் ஒரே மாதிரி: படுத்தது 6:45, தூங்கியது என்ற இடத்தில் கோடு.

"கண்ணை மூடினா வார்டுல யார் யாருக்கு என்ன மருந்துன்னு ஓடுதுக்கா. தூக்கம் மட்டும் வரல" என்றாள்.

வராது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு விழிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. இஸ்ரேல் ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி 1986இல் இதைத் தூக்கத்துக்குத் 'தடைசெய்யப்பட்ட பகுதி' என்றே பெயரிட்டு எழுதினார். மாலதி மற்ற நாட்களில் பத்து மணிக்குப் படுப்பவள். அவளுக்கு ஏழு முதல் ஒன்பது வரை கதவு சாத்தியிருக்கும். அதை முட்டிக்கொண்டிருந்ததில் எரிச்சலோடு டியூட்டிக்கு வந்ததுதான் மிச்சம். கதவு திறந்திருப்பது மதியத்தில், ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் இடையில். சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் விழிப்பு கொஞ்சம் தளரும்.

அதனால் இரண்டாவது துண்டை முன்னால் இழுத்தாள். 1:45க்குப் படுக்கை, 3:05க்கு அலாரம், பத்து நிமிடம் முகம் கழுவி உட்கார்ந்துவிட்டு பள்ளி வாசலுக்கு. எழுந்ததும் வரும் மந்தம் தெளிய அந்தப் பத்து நிமிடம் கட்டாயம் வேண்டும், அதைத் திருடினால் சாலையைக் கடக்கும்போது தெரியும். நோட்டில் வந்தது: 8:25 முதல் 12:15, பிறகு 1:55 முதல் 3:05. மொத்தம் ஐந்து மணி நேரம். மறுநாள் 6:10க்கு அவள் விழித்து 15 மணி 5 நிமிடம்தான் ஆகியிருக்கும்.

தூக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டு துண்டுதான் வெல்கிறது, இதில் எனக்குத் தயக்கமில்லை. ஒன்றரை மணி நேரம் கூடுதல் தூக்கம் ஒரு லாபம், விழிப்பு இரண்டு மணி நேரம் குறைந்தது அதைவிடப் பெரிய லாபம். ஆனால் ஒரே தூக்கத்தின் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. அது நிலா.

"நீ கொண்டுவிட வரமாட்டியாம்மா?" என்று முதல் நாளே கேட்டிருக்கிறாள். பள்ளிக்குப் போகும் பத்து நிமிட நடையில்தான் அவள் எல்லாம் சொல்வாள்: யார் யாரோடு டூ விட்டது, எந்தக் கணக்கு வரவில்லை. அப்பாவிடம் அவை வரவில்லை. நான்கு வாரம் போன பின் திரும்பி வரும் நடையில் அதே பேச்சு தொடங்கியது. தூங்கி எழுந்த அம்மாவிடம் சொல்வது, நைட் இறங்கிய அம்மாவிடம் சொல்வதைவிட நீளமாக இருந்தது என்று மாலதி சொன்னாள். அதுவரை நிலா உம்மென்று இருந்ததும் உண்மை.

காலையில் கொண்டுவிட வேறு ஆளே இல்லாதவர்களுக்கு இரண்டு துண்டு முழுதாகப் பொருந்தாது. அவர்கள் ஒரே தூக்கத்தையே 9:15க்குத் தொடங்கி, ஒரு மணிக்கு விழிப்பு வந்தால் சண்டை போடாமல் எழுந்து, இரண்டு மணிக்கு மறுபடி அறை இருட்டில் படுக்கலாம். முக்கால் மணி நேரம் கிடைத்தாலும் கடைசி விழிப்பு மூன்று மணிக்கு நகர்ந்துவிடும். வீடு திரும்பும்போது கடந்துவந்த சிக்னல் நினைவில் இல்லை என்றால், சார்ட்டில் ஒரே வரியை மூன்று முறை வாசிக்கிறீர்கள் என்றால், அன்று வண்டியை எடுக்காதீர்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு நிச்சயமாக எடுக்காதீர்கள்.

இரண்டு ஏற்பாட்டுக்கும் பொதுவாக அவள் மாற்றியவை இரண்டுதான். காபி இரவு இரண்டு மணியோடு நின்றது, ஏனென்றால் அதன் காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், நான்கு மணிக் காபி எட்டு மணிப் படுக்கையில் வந்து நிற்கும். போனில் பள்ளி எண்ணும் கணவர் எண்ணும் மட்டும் ஒலிக்கும்படி வைத்தாள். முன்பு பள்ளியிலிருந்து அழைப்பு வருமோ என்று முழு ஒலியில் வைத்து, கண்டவர் அழைப்புக்கெல்லாம் எழுந்துகொண்டிருந்தாள்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனது அதற்கப்புறம். பழைய ரோஸ்டரில் நைட் இரண்டு, பிறகு ஈவினிங், பிறகு மார்னிங் என்று வரிசை பின்னோக்கி ஓடியது. உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் நீளம். ஆகவே தாமதமாகப் படுப்பது அதற்கு எளிது, முன்கூட்டிப் படுப்பது கடினம். ஈவினிங்கில் இரவு 9க்கு இறங்கி மறுநாள் காலை 7க்கு ஏறுவது பழைய வரிசையில் வாரம் ஒரு முறை வந்தது, இடையில் தூக்கம் ஐந்து மணி நேரம்கூட இராது. மாலதி கேட்டது முன்னோக்கிய வரிசை: திங்கள், செவ்வாய் மார்னிங், புதன் ஈவினிங், வியாழன், வெள்ளி நைட், சனி காலை இறங்கல், ஞாயிறு ஆஃப். இதில் பள்ளி நாளில் நைட் இறங்குவது வெள்ளி ஒன்றுதான். அதற்கு விலையாக வெள்ளி இரவு டியூட்டியை வருடம் முழுக்க அவள் எடுத்துக்கொள்கிறாள். வார்டில் யாரும் முணுமுணுக்காததற்கு அதுதான் காரணம்.

முதல் நைட்டான வியாழன்தான் எல்லோரும் கோட்டை விடும் நாள். காலை 6:30க்கு எழுந்து அப்படியே டியூட்டிக்கு வந்தால் மறுநாள் இறங்கும்போது 24 மணி நேரத்துக்கு மேல் விழிப்பு. அன்றும் அதே 1:45 தூக்கத்தைப் போடுகிறாள், அலுப்பே இல்லாவிட்டாலும். சனிக்கிழமை மட்டும் எதிர்மாறு. 11:30க்கு எழுந்துவிடுகிறாள், மதியம் படுப்பதில்லை, இரவு 9:30க்குப் படுக்கை. இரண்டு நைட்டுக்காகக் கடிகாரத்தையே திருப்ப வேண்டியதில்லை.

புதன்கிழமைதான் இன்னும் ஒப்பேறவில்லை. ஈவினிங் முடிந்து அவள் வீடு சேரும்போது நிலா தூங்கியிருப்பாள், பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் அன்று பாட்டிதான். புதனையும் மார்னிங்காக மாற்ற முடியுமா என்று அடுத்த மாத ரோஸ்டருக்குக் கேட்டிருக்கிறாள். இன்சார்ஜ் சிஸ்டர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.