ஹேஷ் டேபிள் படம்: புது முனையைத் தலையில் வரைவதா, வாலில் வரைவதா?

கோவை 641001, ஈரோடு 638001, பொள்ளாச்சி 642001. இந்தப் பின்கோடுகளை இதே வரிசையில் சேர்த்து `key % 10` போட்டால் மூன்றும் 1-ஆம் கட்டத்தில் மோதும்; அங்கே மூன்றையும் ஒரே சங்கிலியாகக் கோக்கணும்.

```
வால்: [1] → 641001 → 638001 → 642001 → NULL
தலை: [1] → 642001 → 638001 → 641001 → NULL
```

வாலில் சேர்த்தால் வந்த வரிசை அப்படியே தெரியும். பொள்ளாச்சியைத் தேட மூன்று ஒப்பீடு. தலையில் சேர்த்தால் ஒன்றே போதும். ஆனால் ஊட்டியைத் (643001) தேடினால் இரண்டிலும் மூன்றையும் பார்த்து NULL வரை போயே ஆகணும். அதனால் ஒவ்வொரு முனையிலும் முழு பின்கோடையும் எழுதுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் எதை ஒப்பிடுவது?

எனக்குத் தலையில் சேர்ப்பதுதான் பிடிக்கும். அதில் அம்பு வரையும் வரிசை முக்கியம்: முதலில் புது முனையிலிருந்து பழைய தலைக்கு, அப்புறம்தான் கட்டத்திலிருந்து புது முனைக்கு. மாற்றி வரைந்தால் பழைய சங்கிலி அறுந்துபோகும்.

சரி, `key % 7` போட்டால்? கோவை 4, ஈரோடு 0, பொள்ளாச்சி 3. மோதலே இல்லை.