கியூ பந்தை எந்த உயரத்தில் அடித்தால் சறுக்காமல் உருளும்: மூன்று அடிகளின் ஒப்பீடு

பூல் மேசையில் கியூ பந்தை நடுவில் அடிப்பது, நடுவிலிருந்து ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மேலே அடிப்பது, பாதி ஆரம் மேலே அடிப்பது ஆகிய மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன். பந்தின் விட்டம் 57.15 மி.மீ.; மூன்று அடிகளிலும் அது வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகவும், கோல் ஏறக்குறையக் கிடைமட்டமாகச் செல்வதாகவும், துணியின் சறுக்கு உராய்வுக் குணகம் 0.2 என்றும் கொள்வோம்.

நடுவில் அடிபட்ட பந்து சுழற்சியே இல்லாமல் கிளம்பிச் சறுக்குகிறது. உராய்வு அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே சுழற்சியைக் கூட்டுவதால், ஏறத்தாழ 0.3 வினாடியில், அரை மீட்டர் கடந்த பிறகுதான் அது தூய உருளலுக்கு வருகிறது. அப்போது எஞ்சுவது தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்கு, அதாவது வினாடிக்குச் சுமார் 1.43 மீட்டர்.

இந்தச் சறுக்கலே வேண்டாமென்றால், பந்தின் நேர்வேகம் v, சுழற்சி வேகம் ω, ஆரம் R எனில், அடிபட்ட கணத்திலேயே v = ωR ஆகிவிட வேண்டும். கோல் தரும் கணத்தாக்கு J, பந்தின் நிறை m, நடுவிலிருந்து அடி விழும் உயரம் h எனில் நேர்வேகத்துக்கு J = mv, சுழற்சிக்கு Jh = (2/5)mR²ω. இரண்டையும் சேர்த்தால் h = (2/5)R, அதாவது நடுவிலிருந்து 11.4 மி.மீ. மேலே. அடியின் வேகமோ துணியின் உராய்வோ இந்த விடையில் இல்லை என்பதுதான் இதன் அழகு.

பாதி ஆரத்தில், அதாவது 14.3 மி.மீ. மேலே அடித்தால், சுழற்சி தேவைக்கு மிஞ்சிவிடுகிறது. அடிப்பகுதி பின்னோக்கித் தேய்க்க, உராய்வு பந்தை முன்னே தள்ளுகிறது. இறுதி வேகம் தொடக்கத்தைவிட 7 விழுக்காடு கூடுகிறது. ஆனால் கோல் முனை வழுக்கித் தவறும் எல்லையும் ஏறத்தாழ அதே இடம்தான் என்பதால், ஆட்டத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறி தவறுவது பெரும்பாலும் வேறொரு காரணத்தால். முனை உருண்டையாக இருப்பதால், கோலின் அச்சு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழேதான் அது பந்தைத் தொடும். முனையின் வளைவு ஆரம் 9 மி.மீ. என்றால், 11.4 மி.மீ.யில் தொடுவதற்கு அச்சை 15 மி.மீ. உயரத்தில் வைக்க வேண்டும், அச்சையே 11.4-இல் வைப்பவருக்குக் கிடைப்பது 8.7 மி.மீ. அடிதான். பட்டைப் பந்து ஒன்றைப் பட்டை கிடைமட்டமாக இருக்கும்படி வைத்து, முனையில் சாக் தடவி அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: வழக்கமான பந்தில் பட்டையின் விளிம்பு ஏறக்குறையப் பாதி ஆர உயரத்தில் இருப்பதால், சாக் தடம் அதற்குச் சற்றே கீழே விழ வேண்டும்.

இலக்குப் பந்து ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், நடுவில் அடித்த பந்தும் போய்ச் சேருவதற்குள் உருளத் தொடங்கியிருக்கும். அங்கே நடு அடியே போதும், தவறும் குறைவு. இலக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கும்போதுதான் வேறுபாடு கண்ணில் படுகிறது. நேராக மோதியதும் நடு அடிப் பந்து கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிட, ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் அடித்த பந்து, மோதலில் இழக்காத தன் சுழற்சியால், மோதும் முன்னிருந்த வேகத்தில் ஏழில் இரண்டு பங்கோடு இலக்கின் பின்னாலேயே போகும்.